தாமதமான விமானம், ஒரே ஒரு சார்ஜிங் பாயிண்ட் – என் சிறுகதை வரைவு, படித்துவிட்டுச் சொல்லுங்கள்

செங்காந்தள்:

இரண்டு பயணிகள், ஒரு சாக்கெட், அவ்வளவுதான் கதை. சென்னை உள்நாட்டு முனையத்தில் நடக்கிறது. முழுவதும் படித்துவிட்டுத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லுங்கள். தலைப்பு இப்போதைக்கு "இரண்டு முனை".

போகி அன்று காலை ஆறு பத்துக்குப் புறப்பட வேண்டிய தூத்துக்குடி விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஓடுதளத்தைக் காணவில்லை. ஊரெல்லாம் எரித்த பாயும் டயரும் பனியோடு சேர்ந்து வந்து கண்ணாடியில் அப்பியிருந்தன.

தூணுக்கு அடியில் ஒரு சாக்கெட். எதைச் செருகினாலும் கழன்று விழுகிற சாக்கெட். ஓர் இளைஞன் தன் சார்ஜரைச் செருகி, அதற்குத் தோள்பையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் நெடுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"தம்பி, நான்கு சதவீதம்தான் இருக்கிறது. போர்டிங் பாஸ் இதில்தான் இருக்கிறது. அணைந்துவிட்டால் என்னை ஏற்ற மாட்டார்கள் இல்லையா?"

"கொடுங்கள் அம்மா. இதில் இரண்டு முனை இருக்கிறது."

அவருடைய போனைச் செருகியதும் அவனுடைய போன் ஒரு கணம் சார்ஜ் ஏறுவதை நிறுத்தி, மணி அடித்து, மறுபடியும் ஏறத் தொடங்கியது.

"என்ன ஆயிற்று?"

"உங்களுக்குப் பங்கு கொடுக்கச் சொன்னதும் என்னுடையது கோபித்துக்கொண்டது. இப்போது சமாதானம்."

அவர் சிரித்தார். நாற்காலி இருந்தும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றார். பேரனுக்கு இப்போது பள்ளி விடுமுறை என்றார்.

"அப்படியானால் பொங்கல் முடிந்து போகலாமே?"

"மருமகளின் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். இரண்டு அறை வீடு. எனக்கும் ஊர்ப் பொங்கல்தான் பொங்கல் என்று நானே சொல்லிவிட்டேன்."

"நீங்களே சொன்னீர்களா?"

"டிக்கெட் எடுத்த பிறகு சொன்னேன்."

அவன் முட்டுக் கொடுத்திருந்த பையைச் சரிசெய்தான்.

"உனக்கு எந்த ஊர்?"

"தூத்துக்குடிதான். போல்டன்புரம். ஆனால் இப்போது ஆறுமுகநேரிக்குப் போகிறேன். மனைவி வீடு. தலைப்பொங்கல்."

"போகிற வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாய்."

"அம்மா நன்றாக இருக்கிறார்கள்," என்றான். கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்த அம்மாள் கவனித்தாரா என்று தெரியவில்லை. அவன் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

பையின் மேல் இரண்டு போன்களும் கருப்பாக, ஒரே அளவில் கிடந்தன. ஒன்று ஒலித்தது. மகன்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்தார்.

"சாப்பிட்டாயா ராஜா?" என்றது ஒரு பெண்குரல்.

"நான் அவர் இல்லையம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். கவலைப்படாதீர்கள். தூத்துக்குடி விமானம்தான் தாமதம். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்."

மறுமுனையில் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது.

"தூத்துக்குடி விமானமா?"

"ஆமாம்."

"லீவு இல்லை என்று சொன்னான்."

அந்த அம்மாளுக்குப் பேச வாய் வரவில்லை.

"நான் கூப்பிட்டதாக அவனிடம் சொல்லாதீர்கள்," என்றது குரல். வைத்துவிட்டார்கள்.

அவன் பாட்டிலோடு திரும்பி வந்தான். "யாராவது கூப்பிட்டார்களா அம்மா?"

"இரண்டுமே நூறு சதவீதம் ஆகிவிட்டது தம்பி," என்றார் அவர்.

---

ஓடுதளம்:

நல்ல கதை. பல வருடம் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்தவன் என்பதால் எனக்கு உறுத்திய ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் தாமதம் பொய்யாக இருக்கிறது. போகிப் புகையைச் சொல்லவில்லை, அது உண்மைதான். 2018 போகி அன்று சென்னையில் இறங்க முடியாமல் பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் தாமதம் இப்படி வராது.

முதலில் நேரம். விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படும் விமானம் பெரும்பாலும் முந்தைய இரவே வந்து நின்றுகொண்டிருக்கும். மூடுபனி முதலில் கெடுப்பது இறங்குவதைத்தான். சாதாரண வகைக் கருவி வழிகாட்டலில் இறங்க, ஓடுதளத்தில் 550 மீட்டர் வரையாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டெல்லியில் பனிக்காலத்துக்கென்றே மேலான கருவி இருப்பதால் 50 மீட்டரிலும் இறங்குகிறார்கள், அதற்கும் விமானமும் விமானியும் தகுதி பெற்றிருக்க வேண்டும். புறப்படுவதற்கு இதைவிடக் குறைந்த தூரமே போதும். அதனால் அன்று காலையில் மாட்டிக்கொள்வது வெளியூரிலிருந்து வந்து திரும்ப வேண்டிய விமானம்தான். உங்கள் விமானத்தை எட்டு இருபதுக்கு மாற்றுங்கள். கதை தானாகச் சரியாகும்.

அடுத்தது, "மூன்று மணி நேரம் தாமதம்" என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, அவர்களுக்கே தெரியாது. எட்டு இருபது என்பது முதலில் எட்டு ஐம்பது ஆகும். பிறகு ஒன்பது நாற்பது ஆகும். இந்த இரண்டும் உத்தேசம். அந்த நேரத்தில் வர வேண்டிய விமானம் மேலே வட்டமடித்துவிட்டு, எரிபொருள் கணக்குப் பார்த்து, வேறு ஊருக்குப் போய் இறங்கியிருக்கும். புகை விலகி, அது அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் உண்மையான நேரம் வரும். திரையில் பதினொன்று பதினைந்து என்று விழும், அதற்குப் பிறகு மாறாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று மணி நேரம் என்று தெரிந்த மனிதர்கள் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். அரை மணி, அரை மணியாக நேரம் தள்ளிப்போகும்போதுதான் சாக்கெட்டை விட்டு நகர முடியாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவார்கள்.

---

அரைக்கிணறு:

புறப்படக் குறைந்த தூரம் போதும் என்பதை நம்ப முடியவில்லை. விமானிக்குக் கண்ணே தெரியவில்லை என்றால் எப்படிக் கிளம்புவார்? ஜனவரியில் நானே உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். பனிதான் காரணம் என்று விமானியே சொன்னார்.

இன்னொன்று, இந்தக் கதைக்கு சாக்கெட்டே வேண்டாம். இளைஞனிடம் பவர் பேங்க் இருந்திருக்கும். ஓ, விமானத்தில் பவர் பேங்க் கொண்டுபோகக் கூடாது அல்லவா? அப்படியென்றால் சரி.

---

ஓடுதளம்:

உங்கள் அனுபவத்தில் தவறில்லை, காரணம்தான் வேறாக இருந்திருக்கலாம். புறப்படவும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. பனி மிக அடர்த்தியாக இருந்தால் அதற்கும் கீழே போய்விடும். அன்று போய்ச் சேர வேண்டிய ஊரில் பனி இருந்திருக்கவும் கூடும். அங்கே இறங்க முடியாது என்றால் இங்கேயே பிடித்து வைப்பார்கள்.

பவர் பேங்க் பற்றிப் பாதிதான் சரி. செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில் கொண்டுபோகலாம், 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. கடையில் கிடைக்கும் 20000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் 74 வாட்-மணிதான். ஆகவே இளைஞனிடம் அது இல்லாததற்குச் சட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. மறந்துவிட்டு வந்தான் என்று வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் மறப்பதுதான்.

---

பயணப்பை:

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். போன மாதம் எங்கள் விமானம் ஏழு மணி நேரம் தாமதம். ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு சரி. பணம் திரும்பக் கேட்டால் வானிலை என்றார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்தக் கதையில் வரும் அந்த அம்மாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எனக்கும் கிடைக்க வேண்டுமே?

---

ஓடுதளம்:

ஐயா, இது கதை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். உள்நாட்டுக் குறும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் என்று பயணியிடம் கேட்க வேண்டும். வானிலை என்றால் நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் டிக்கெட் பணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. அன்று நீங்கள் பயணத்தைக் கைவிட்டீர்களா, காத்திருந்து ஏறிப் போனீர்களா?

---

பயணப்பை:

ஏறிப் போய்விட்டேன்.

---

ஓடுதளம்:

அப்படியானால் பிஸ்கட்தான்.

---

கரிசல்காட்டான்:

நான் அந்தப் பக்கத்துக்காரன். தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போவது எந்த ஊர் வழக்கம்? தலைத்தீபாவளிக்குத்தான் போவார்கள். பொங்கலுக்குப் பெண் வீட்டார் பொங்கல்படி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். பானை, அரிசி, கரும்பு, மஞ்சள்குலை, புதுத்துணி எல்லாம் வரும். போல்டன்புரத்துத் தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகனும் வரவில்லை, படியும் வரவில்லை என்றால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள். அந்தத் தாய்க்கு இருக்கிற வருத்தம் உங்கள் கதையில் வரவே இல்லை. "லீவு இல்லை என்று சொன்னான்" என்பதோடு விட்டுவிட்டீர்கள்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். ஆறுமுகநேரிக்குப் போகிறவன் தூத்துக்குடி ஊருக்குள் வந்து திருச்செந்தூர் சாலையைப் பிடிக்கலாம். ஊருக்குள் வராமல் ஏரல் வழியாகவும் போகலாம். அந்த அம்மாள் "போகிற வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாய்" என்கிறாரே, அந்த இடத்தில் அவன் "நான் ஏரல் வழியாகப் போகிறேன்" என்று சொன்னால் போதும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடிவயிறு கலங்கும்.

---

நெல்லிக்கனி:

கரிசல்காட்டான் சொல்லும் வழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் முதல் பொங்கலுக்கு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டுத்தான் சீர் கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் தெற்கத்தியார்தான். குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

---

கரிசல்காட்டான்:

மாறலாம். ஆனால் அந்த மாற்றத்தில்தான் சண்டையே வரும். "எங்கள் வழக்கம் இது" என்று இரண்டு வீடும் சொல்லும், நடுவில் மாட்டிக்கொண்டவன் லீவு இல்லை என்று பொய் சொல்வான். இதை எழுதினால்தான் அவன் ஏன் பொய் சொன்னான் என்று புரியும். இப்போது கெட்டவன்போல் தெரிகிறான்.

---

வாசல்மரம்:

கதையாக எப்படி இருக்கிறது என்று யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

"டிக்கெட் எடுத்த பிறகு சொன்னேன்." இந்தக் கதையில் உயிர் உள்ள வரி இதுதான். யார் டிக்கெட் எடுத்தார்கள், என்ன சொல்லி எடுத்தார்கள், இவர் என்ன நினைத்தார் என்று எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்தபடி அவன் பையைச் சரிசெய்வதும் நன்றாக இருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாதவன் கையால் ஏதோ செய்கிறான்.

உடனே அடுத்த பத்தியில் கெடுத்துவிட்டீர்கள். "கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்த அம்மாள் கவனித்தாரா என்று தெரியவில்லை." தெரியவில்லை என்றால் ஏன் சொல்கிறீர்கள்? வாசகன் கவனித்துவிட்டான். அவனுடைய தோளைத் தட்டிக் காட்ட வேண்டியதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கதையில் இரண்டு தாய், இரண்டு மகன். ஒரு தாயை மகன் அனுப்பிவிட்டான், இன்னொரு தாயிடம் மகன் வரவில்லை என்றான். இது தராசுத்தட்டு மாதிரி சமமாக நிற்கிறது. இத்தனை சமம் இருந்தால் ஆசிரியர் உட்கார்ந்து எடை போட்டது தெரிந்துவிடும். ஒரு தட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். எப்படி என்று எனக்கும் இன்னும் புலப்படவில்லை.

---

மின்சுருள்:

நான் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவன். கோபித்துக்கொண்ட போனைப் பாராட்ட வந்தேன். இரண்டு முனை சார்ஜரில் இரண்டாவது போனைச் செருகினால், சக்தியைப் பங்கிட சார்ஜர் ஒரு கணம் எல்லாவற்றையும் துண்டித்து மறுபடி பேச்சுவார்த்தை நடத்தும். பல சார்ஜர்களில் அப்படித்தான். இதைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் கடைசி வரியில் "இரண்டுமே நூறு சதவீதம்" என்பது நடக்காது. சாதாரண 5000 மில்லி ஆம்பியர் போனுக்குச் சுமார் 19 வாட்-மணி வேண்டும். 20 வாட் சார்ஜர் இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்கு 10 வாட். சூடாக வீணாவது போக உள்ளே சேருவது எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 20 சதவீதம் ஏறவே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். நான்கிலிருந்து தொடங்கிய போன் நூறு ஆக இரண்டரை மணி நேரம் போதாது, கடைசி இருபது சதவீதம் இன்னும் மெதுவாக ஏறும். இவர்கள் பேசியதோ பத்து நிமிடம். அதற்குள் பத்து, பதினொன்று வந்திருந்தால் அதிகம்.

அடுத்தது, அவன் "யாராவது கூப்பிட்டார்களா" என்று கேட்டால் பதிலே தேவையில்லை. போனை எடுத்ததும் அழைப்புப் பட்டியலில் அம்மா என்று இருக்கும், எத்தனை விநாடி பேசினார்கள் என்றும் இருக்கும். போல்டன்புரத்து அம்மா சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதற்குப் பொருளே இல்லாமல் போகிறது.

---

அரைக்கிணறு:

அந்த அம்மாள் பட்டியலிலிருந்து அதை அழித்துவிடலாமே?

---

மின்சுருள்:

வேறொருவர் போனைத் திறக்கக் கைரேகையோ எண்ணோ வேண்டும். வருகிற அழைப்பைத்தான் பூட்டைத் திறக்காமல் எடுக்க முடியும். அதோடு நான்கு சதவீதத்துக்குப் பயப்படுகிற அம்மாள் அழைப்புப் பட்டியலை அழிக்கிற ஆள் இல்லை.

எடுத்த அழைப்பு என்பதால் முகப்பில் தவறிய அழைப்பு என்று எதுவும் காட்டாது. அவனாகப் பட்டியலைத் திறந்தால்தான் தெரியும். அதாவது எப்போது வேண்டுமானாலும் தெரியலாம், ஏரலில் தெரியலாம், மாமியார் வீட்டில் தெரியலாம். இது ஓட்டை அல்ல என்றும் வாதிடலாம்.

---

நெல்லிக்கனி:

திரையில் "அம்மா" என்று வந்திருக்குமே? அதைப் படிக்காமல் எப்படி எடுத்தார்?

---

செங்காந்தள்:

கண்ணாடி போடவில்லை என்று எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் பச்சை வட்டம் தெரிந்தால் எடுத்துவிடுவார்கள், பெயரைப் பார்ப்பதில்லை.

மின்சுருள், சதவீதக் கணக்குக்கு நன்றி. ஆனால் அந்த வரியை விட மனமில்லை. அவர் பொய் சொல்கிறார், சார்ஜ் அளவிலும் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? போனைத் திருப்பிப் பார்த்தால் பதினொன்று என்று இருக்கும். தவறு என்று தெரிகிற பொய்.

---

வாசல்மரம்:

அது நல்ல யோசனை. ஆனால் அதற்கு வாசகனுக்கு உண்மை எண் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு வரும்போதே போனில் பதினொன்று என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்போதுதான் நூறு என்பது பொய்யாகக் காதில் விழும்.

---

ஓடுதளம்:

வாசல்மரம் சொன்ன தராசைப் பற்றி நேற்றிலிருந்து யோசித்தேன். உங்கள் கதைக்குள்ளேயே ஒன்று கிடக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

அந்த அம்மாளுக்கு டிக்கெட் எடுத்தது யார்? மகன். அப்படியானால் பதிவு செய்த கைபேசி எண் யாருடையது? அதுவும் பெரும்பாலும் மகனுடையதுதான். முதியவர்களுக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்தால் தங்கள் எண்ணையும் மின்னஞ்சலையுமே போடுவார்கள். நான் வாயிலில் நின்ற நாட்களில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாமதச் செய்தி எண்ணுக்குத்தான் போகும், ஆளுக்குப் போகாது. இப்போது பல விமான நிலையங்களில் ஓயாத ஒலிபெருக்கியையும் நிறுத்திவிட்டார்கள். திரையைப் படிக்கத் தெரியாத, செய்தியும் வராத பெரியவர்கள் வாயிலை மாற்றினால்கூடத் தெரியாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். எட்டு ஐம்பது என்று இளைஞனின் போனுக்குச் செய்தி வருகிறது. அவன் அவரிடம் சொல்கிறான். அவர் தன் போனைப் பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. ஒன்பது நாற்பது என்று அவனுக்கு மறுபடி வருகிறது. அவருக்கு வரவில்லை. "எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார். "டிக்கெட்டில் யாருடைய எண் இருக்கிறதோ அவர்களுக்குப் போகும் அம்மா" என்கிறான். அதாவது மகனுக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது. அம்மா புகைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்திருக்கிறது. அவன் கூப்பிடவில்லை. பதினொன்றேகால் என்று மூன்றாவது செய்தியும் வந்த பிறகு ஒரு போன் ஒலிக்கிறது. மகன்தான் என்று அவர் பாய்ந்து எடுத்தால், அது இன்னொருத்தியின் அழைப்பு.

போர்டிங் பாஸ் பயமும் தேவையில்லை. போன் அணைந்தாலும் வாயிலில் பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்துக் காகிதத்தில் அச்சடித்துத் தருவார்கள். அவருக்கு அது தெரியாமல் பயப்படுவது இயல்புதான். ஆனால் உண்மையில் அவர் சார்ஜ் போட நினைத்தது மகன் கூப்பிடுவான் என்பதற்காக என்று ஆகிவிட்டால் சாக்கெட்டுக்கே வேறு பலம் வந்துவிடும்.

---

வாசல்மரம்:

இதுதான். தட்டு இறங்கிவிட்டது. ஒரு மகன் பொய் சொல்கிறான், அவனுடைய அம்மா அவனைக் கூப்பிடுகிறாள். இன்னொரு மகன் பொய்யே சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல. யார் மேல் வாசகனுக்குக் கோபம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

---

செங்காந்தள்:

படித்ததும் பதறிவிட்டது. ஆனால் எனக்கு ஒரு தயக்கம். இது அந்த மகனை அரக்கனாக்கிவிடாதா? காலை எட்டு மணி, அலுவலகம் கிளம்புகிற நேரம், வீட்டில் விருந்தினர் வரப்போகிறார்கள். அவன் செய்தியைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். என் கதையில் யாரும் கெட்டவர்களாக இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன்.

---

கரிசல்காட்டான்:

போகி அன்று எந்த அலுவலகம்? தனியார் என்றால் இருக்கும், அது சரி. பார்க்கவில்லை என்று அந்த அம்மாளே சொல்லட்டும். "வேலையில் இருப்பான், பார்த்திருக்க மாட்டான்" என்று அவரே மகனுக்காகப் பேசுவார். தாய்மார்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

---

வாசல்மரம்:

அப்படிப் பேசினால் "டிக்கெட் எடுத்த பிறகு சொன்னேன்" என்ற வரிக்குப் பக்கத்தில் இன்னொரு அதே மாதிரி வரி வந்துவிடும். மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுவதை ஒருமுறை செய்தால் அழகு, இரண்டு முறை செய்தால் உத்தி. அவர் ஒன்றும் சொல்லாமல் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும். இரண்டும் ஒன்றுபோல் கிடப்பதற்கும் அது உதவும், திரையில் பெயர் தெரியாததற்கும் உதவும். நெல்லிக்கனி கேட்ட கேள்விக்கும் பதில் ஆயிற்று.

---

நெல்லிக்கனி:

கவிழ்த்து வைத்தாலும் எடுக்கும்போது திருப்பத்தானே வேண்டும்? எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, அந்த இளைஞனை எல்லோரும் மன்னித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவனுடைய மனைவிக்கு இந்தப் பொய் தெரியுமா? தெரிந்தால் அவளும் கூட்டு. தெரியாவிட்டால், மாமியார் நாளை பொங்கல் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுப் பேசும்போது அவள் தலையில் விடியும். கதையில் அவள் ஒரு வார்த்தையாகத்தான் இருக்கிறாள், "மனைவி வீடு" என்று.

---

செங்காந்தள்:

மனைவியைக் கொண்டுவந்தால் கதை நீண்டுவிடும். தூணடியில் இருப்பவர்கள் இரண்டு பேர், காதில் விழுவது ஒரு குரல். அதற்கு மேல் யாரும் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மாற்றியதில் நடுப்பகுதி மட்டும் கீழே:

மறுபடியும் அவனுடைய போன்தான் அதிர்ந்தது. "ஒன்பது நாற்பதாம்," என்றான்.

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்பது சதவீதம். வேறொன்றும் இல்லை.

"உனக்கு வருகிறது. எனக்கு ஏன் தம்பி வருவதில்லை?"

"டிக்கெட்டில் கொடுத்த எண்ணுக்குத்தான் வரும் அம்மா. யார் எடுத்தார்கள்?"

"மகன்."

"அப்படியானால் அவருக்குப் போயிருக்கும்."

"இதுவுமா?"

"எல்லாமே."

அவர் போனைப் பையின் மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு சார்ஜர் கழன்றுவிட்டதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

---

வாசல்மரம்:

அழுத்திப் பார்ப்பது சரியாக விழுந்திருக்கிறது. "எல்லாமே" தேவையா என்று மட்டும் யோசியுங்கள். "இதுவுமா?" என்பதோடு அவன் பேசாமல் இருந்தால் என்ன?

---

ஓடுதளம்:

எனக்கு "எல்லாமே" வேண்டும். வாயிலில் நிற்கிறவன் இப்படித்தான் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். சொன்ன பிறகுதான் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பான்.

---

கரிசல்காட்டான்:

ஏரல் என்ன ஆயிற்று?

---

செங்காந்தள்:

வைத்துவிட்டேன். பொங்கல்படியைப் பற்றித்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. போல்டன்புரத்து அம்மா போனில் "அவர்கள் படி கொண்டுவருவார்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்று சொன்னால், நெல்லிக்கனி வீட்டு வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புரியுமா?

---

நெல்லிக்கனி:

புரியும். கோபமும் வரும். எழுதுங்கள்.

---

பயணப்பை:

ஓடுதளம் ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. என் டிக்கெட்டை என் மகள்தான் எடுத்தாள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பணம் வேண்டுமா என்று கேட்ட செய்தி அவளுக்குப் போயிருக்குமோ?